விடை தப்பா? எந்த இடத்தில் என்று அந்த விடையே சொல்லும்: 2-ன் நிரப்பும் ஃப்ளோட்டும்

கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் விடைத்தாள்களைத் திருத்தி வந்ததில் நான் கண்ட ஒன்று: குறை எண்களைப் பிட்டுகளில் எழுதும் கேள்விகளில் தவறுகள் தாறுமாறாக வருவதில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தால், நாற்பது பேர் தவறாக எழுதினாலும் நாலைந்து தவறான விடைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் ஒரே ஒரு தடுமாற்றம் இருக்கும். ஆகவே உங்கள் விடை விடைக்குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடாதீர்கள். தவறான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, அது கீழே எந்த அறிகுறியோடு பொருந்துகிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் -20 என்ற எண்ணையும் அதன் உறவான -20.625-ஐயும் எடுத்துக்கொள்கிறேன். முதலில் 32 பிட்டில் 20-ம் -20-ம் எப்படி இருக்கின்றன என்று ஹெக்ஸில் பாருங்கள்; int என்பது 2-ன் நிரப்பில் எழுதிய முழு எண், float என்பது புள்ளி வைத்த எண்களுக்கான வடிவம்.

```
          int         float
 20    00000014    41A00000
-20    FFFFFFEC    C1A00000
```

இந்தச் சின்ன அட்டவணையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். முழு எண்ணில் குறி மாறியதும் ஏறக்குறைய எல்லா இலக்கங்களும் மாறிவிட்டன. ஃப்ளோட்டில் 4 மட்டும் C ஆனது. அதாவது 0100 என்பது 1100 ஆனது. ஒரே ஒரு பிட். 2-ன் நிரப்பில் முதல் பிட் வெறும் குறி இல்லை, அதற்கு ஒரு மதிப்பு உண்டு: 8 பிட்டில் அது -128. மற்ற பிட்டுகள் எப்போதும் போல 64, 32, 16 என்று மிகையாகவே இருக்கும். ஃப்ளோட்டில் முதல் பிட் வெறும் அடையாளம். அதை மறைத்துவிட்டால் மீதமுள்ள 31 பிட்டுகளும் 20-க்கும் -20-க்கும் ஒன்றே. நான் கண்ட தவறுகளில் மிகக் கெட்டியானவை, ஒரு முறையின் பழக்கத்தை இன்னொன்றுக்குள் கொண்டுபோவதால் வருபவை.

அறிகுறி: -20 கேட்டார்கள், எனக்கு 00001100 வந்தது

முதல் பிட் 0. அப்படியானால் இது குறை எண்ணே இல்லை; 12. செய்தது இதுதான்: 20-ஐ 10100 என்று எழுதி, பிட்டுகளைப் புரட்டி 01011 ஆக்கி, 1 கூட்டி 01100 ஆக்கி, கடைசியில் 8 பிட் வேண்டுமே என்று முன்னால் மூன்று சுழியம் போட்டாயிற்று.

இது எங்கே கெட்டது என்று ஒரு கூட்டலில் கண்டுபிடிக்கலாம். வந்த விடையோடு மூல எண்ணைக் கூட்டுங்கள்: 12 + 20 = 32. 32 என்பது 2-ன் 5-ஆம் அடுக்கு. அதாவது நிரப்பைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் 5 பிட் அகலத்தில். 8 பிட்டில் போட்டிருந்தால் கூட்டுத்தொகை 256 வந்திருக்க வேண்டும். குறை எண்ணின் 2-ன் நிரப்பு என்பது 256-லிருந்து கழித்து வரும் எண்தான்: 256 - 20 = 236, அதன் பிட்டுகள் 11101100. புரட்டி 1 கூட்டுவது அந்தக் கழித்தலைக் கையால் சுலபமாகச் செய்யும் வழி, அவ்வளவே.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அகலத்தை நிரப்புங்கள், பிறகு புரட்டுங்கள்.

```
 20       00010100
புரட்ட    11101011
+1        11101100
```

அகலம் குறைவாக இருக்கும்போதே நிரப்பை எடுத்துவிட்டுப் பிறகு நீட்டவும் வழி உண்டு. ஆனால் எண் அந்த அகலத்தில் அடங்க வேண்டும். 5 பிட்டில் -16 வரைதான் எழுத முடியும், -20 அடங்காது. 6 பிட்டில் -32 வரை போகலாம்: 010100 புரண்டு 1 கூடினால் 101100. இதை 8 பிட்டுக்கு நீட்டும்போது குறி பிட்டையே முன்னால் திரும்ப எழுத வேண்டும்: 11101100. சுழியம் போட்டு நீட்டினால் 00101100, அதாவது 44 ஆகிவிடும்.

அறிகுறி: 11101100-ஐப் படிக்கச் சொன்னார்கள், விடை -20 வரவில்லை

இங்கே மூன்று தவறான விடைகள்தான் வழக்கமாக வரும். மூன்றும் மூன்று வெவ்வேறு கதை சொல்லும்.

-108 என்று வந்திருந்தால், முதல் 1-ஐக் கழித்தல் குறியாக எடுத்துக்கொண்டு மீதி 1101100-ஐ 108 என்று படித்துவிட்டீர்கள். அது ஃப்ளோட்டின் பழக்கம். குறியும் அளவும் தனித்தனியாக இருக்கும் முறை. -19 என்று வந்திருந்தால் புரட்டினீர்கள், 1 கூட்ட மறந்தீர்கள். அது 1-ன் நிரப்பு. 236 என்று வந்திருந்தால் குறியில்லா எண்ணாகப் படித்துவிட்டீர்கள். இந்த மூன்றாவதற்கு மட்டும் மருந்து மிகச் சுலபம்: 256-ஐக் கழித்தால் -20.

படிப்பதற்கு நான் மாணவர்களிடம் வற்புறுத்தும் முறை புரட்டுவது அல்ல, எடை போட்டுக் கூட்டுவது: -128 + 64 + 32 + 8 + 4 = -20. புரட்ட வேண்டாம், 1 கூட்டலாமா கூடாதா என்ற குழப்பமும் இல்லை. எழுதும்போது புரட்டிக் கூட்டி, சரிபார்க்கும்போது எடை போட்டால் இரண்டும் இரண்டு தனி வழிகள். ஒரே தவறு இரண்டிலும் நுழையாது.

அறிகுறி: கூட்டும்போது ஒரு 1 வெளியே விழுந்தது, ஓவர்ஃப்ளோ என்று எழுதினேன், மதிப்பெண் போயிற்று

-20-ஐயும் 30-ஐயும் 8 பிட்டில் கூட்டுங்கள். 11101100 + 00011110 = 1 00001010. ஒன்பதாவதாக ஒரு 1 வெளியே விழுகிறது. அதை விட்டுவிட்டால் மீதி 10. விடை சரி. இங்கே கேரி உண்டு, ஓவர்ஃப்ளோ இல்லை.

இப்போது 100-ஐயும் 50-ஐயும் கூட்டுங்கள். 01100100 + 00110010 = 10010110. எதுவும் வெளியே விழவில்லை. ஆனால் இரண்டு மிகை எண்களைக் கூட்டி -106 வந்திருக்கிறது. இதுதான் ஓவர்ஃப்ளோ. ஒரே குறியுள்ள இரண்டு எண்களைக் கூட்டி, மாறான குறி வந்தால் மட்டுமே ஓவர்ஃப்ளோ. வெவ்வேறு குறியுள்ளவற்றைக் கூட்டினால் அது வரவே வராது. சுற்றின் மொழியில் கேட்டால், குறி பிட்டுக்குள் வரும் கேரியும் அதிலிருந்து வெளியேறும் கேரியும் வேறுபட்டால் ஓவர்ஃப்ளோ.

இதன் ஓரத்தில் ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது: -128. அதன் பிட்டுகள் 10000000. புரட்டினால் 01111111, 1 கூட்டினால் மறுபடி 10000000. +128 என்பது 8 பிட்டில் இல்லாததால் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. இதைக் கண்டு உங்கள் கணக்கில் பிழை என்று நினைத்து அடித்துவிடாதீர்கள்.

இனி ஃப்ளோட்: முதலில் சரியான வழி

1985-ல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரத்தில் ஒற்றைத் துல்லிய எண்ணுக்கு 32 பிட்: குறிக்கு 1, அடுக்குக்கு 8, பின்னப் பகுதிக்கு 23. -20.625-ஐ எழுதுவோம்.

குறியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது கழித்தல், ஆக 1. இனி 20.625 மட்டுமே. 20 என்பது 10100. பின்னத்தை 2-ஆல் பெருக்கிக்கொண்டே போக, 0.625 இலிருந்து 1.25, மீதி 0.25 இலிருந்து 0.5, பிறகு 1.0, முழுப் பகுதிகள் 1, 0, 1. சேர்த்தால் 10100.101. புள்ளியை முதல் 1-க்கு அடுத்தபடி நகர்த்த 1.0100101 × 2^4. அடுக்கு 4 + 127 = 131, அதாவது 10000011. புள்ளிக்கு முன்னால் உள்ள 1-ஐ எழுதுவதில்லை. நார்மலைஸ் செய்த எண்ணில் அது எப்போதும் 1 என்பதால் இடத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். பின்னப் பகுதி 0100101, பிறகு பதினாறு சுழியம்.

```
1 10000011 01001010000000000000000
1100 0001 1010 0101 0000 0000 0000 0000
C1A50000
```

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். ஹெக்ஸாக மாற்றும்போது பகுதிகளின் எல்லையை மறந்துவிட்டு, இடது ஓரத்திலிருந்து நான்கு நான்காகக் கட்ட வேண்டும். குறியைத் தனியாக 1 என்றும், அடுக்கைத் தனியாக 83 என்றும் எழுதி ஒட்டுபவர்கள் உண்டு. அதுவரை செய்த அத்தனை வேலையும் அந்தக் கடைசி அடியில் வீணாகிறது.

அறிகுறி: C1DB0000 வந்தது

இதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த தவறு. குறியும் அடுக்கும் சரி. C1 சரியாகவே தொடங்குகிறது. பின்னப் பகுதி மட்டும் 0100101-க்குப் பதிலாக 1011011. புரட்டி 1 கூட்டியிருக்கிறார்கள். "குறை எண் ஆயிற்றே, நிரப்பு எடுக்க வேண்டாமா?" என்று கேட்ட மாணவர்களின் முகம் நினைவில் இருக்கிறது. நியாயமான கேள்விதான், இருபது நிமிடம் முன்னால் அதே தாளில் அதைத்தானே செய்தார்கள்.

வந்த விடையைத் திரும்பப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 1.1011011 × 2^4 என்பது 11011.011, அதாவது 27.375. குறியோடு -27.375. ஃப்ளோட்டில் குறி பிட் ஏற்கெனவே கழித்தலைச் சொல்லிவிட்டது. பின்னப் பகுதி எண்ணின் அளவை மட்டும் சுமக்கிறது. அதையும் நிரப்பாக்கினால் அளவே மாறிவிடுகிறது. 2014-ல் கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளில் -14.25-ஐ ஹெக்ஸில் கேட்டபோதும் சரியான விடை C1640000, அதிலும் 14.25-ன் பிட்டுகள் தொடாமல் அப்படியே இருக்கின்றன.

சோதிக்க ஒரு வழி: முதல் ஹெக்ஸ் இலக்கத்திலிருந்து 8-ஐக் கழியுங்கள். C1A50000 என்பது 41A50000 ஆகும். அது +20.625-ன் விடையாக இருந்தால் சரி. இல்லையென்றால் நடுவில் எங்கோ கழித்தல் குறி உள்ளே புகுந்துவிட்டது.

அறிகுறி: C1D28000 வந்தது

இங்கே பின்னப் பகுதி 10100101 என்று ஒரு பிட் அதிகமாகத் தொடங்குகிறது. மறைந்திருக்க வேண்டிய 1-ஐ எழுதிவிட்டீர்கள். திரும்பப் படித்தால் இயந்திரம் தன் பங்குக்கு இன்னொரு 1-ஐ முன்னால் சேர்த்துக்கொண்டு 1.10100101 × 2^4 என்று எடுக்கும், -26.3125. எண்ணை 10100.101 என்று எழுதிய கையோடு முதல் 1-ஐ வட்டமிடும் பழக்கம் இதற்கு உதவும்: வட்டத்துக்குள் இருப்பது எழுதப்படாது, வட்டத்துக்கு வெளியே இருப்பது மட்டும் பெட்டிக்குள் போகும்.

அறிகுறி: விடை சரியாக இரண்டு மடங்கு, அல்லது நம்ப முடியாத அளவு சின்னது, பெரியது

பின்னப் பகுதி சரியாக இருந்து அளவு மட்டும் கெட்டிருந்தால் குற்றவாளி அடுக்குதான். C2250000 என்று வந்திருந்தால் 127-க்குப் பதில் 128 கூட்டியிருக்கிறீர்கள்; மதிப்பு -41.25, இரண்டு மடங்கு. 82250000 என்று வந்திருந்தால் எதையுமே கூட்டாமல் 4-ஐ அப்படியே வைத்திருக்கிறீர்கள். இயந்திரம் அதிலிருந்து 127-ஐக் கழித்து 2^-123 என்று படிக்கும். புள்ளிக்குப் பின் முப்பத்தாறு சுழியங்களுக்குப் பிறகு தொடங்கும் எண் அது.

அடுக்கு குறை எண்ணாக இருக்கும்போது பழைய பழக்கம் மறுபடி தலைகாட்டுகிறது. 0.15625-ஐ எடுங்கள். அது 0.00101, அதாவது 1.01 × 2^-3. அடுக்கு -3 + 127 = 124, பிட்டுகள் 01111100, விடை 3E200000. ஆனால் -3 என்று கண்டதும் அதை 2-ன் நிரப்பில் 11111101 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். விடை 7EA00000 ஆகிவிடும். 11111101 என்பது 253. 127 போக 2^126. ஒன்றுக்கும் குறைவான எண் 38 சுழியங்கள் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அடுக்குக்கு ஏன் நிரப்பு வைக்கவில்லை, ஏன் 127 கூட்டுகிறார்கள் என்று புரிந்துகொண்டால் இந்தத் தவறு மறுபடி வராது. 127 கூட்டியதும் மிகச் சிறிய அடுக்குக்குச் சிறிய பிட் வரிசையும், பெரிய அடுக்குக்குப் பெரிய பிட் வரிசையும் கிடைக்கின்றன. 0.15625-ன் 3E200000-ஐயும் 20-ன் 41A00000-ஐயும் வெறும் முழு எண்களாக ஒப்பிட்டாலே எது பெரியது என்று தெரிந்துவிடும். அடுக்கு நிரப்பில் இருந்திருந்தால் -3-ன் 11111101, 4-ன் 00000100-ஐ விடப் பெரிதாகத் தெரிந்து ஒப்பீடு கெட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில வினாத்தாள்கள் தாங்களே ஒரு வடிவத்தைக் கொடுக்கும்: 16 பிட், அடுக்குக்கு 7 பிட், கூட்ட வேண்டியது 64, எண் 0.1 என்று தொடங்க வேண்டும், மறைந்த பிட் கிடையாது என்பதுபோல. அங்கே 127 என்ற பேச்சே இல்லை. கேள்வியில் உள்ள மூன்றையும் (எத்தனை கூட்டுவது, புள்ளி எங்கே, முதல் 1 எழுதப்படுகிறதா) அடிக்கோடிட்டபின் பேனாவை நகர்த்துங்கள்.

அறிகுறி: கடைசி இலக்கம் மட்டும் ஒத்துப்போகவில்லை

0.1-ஐ எழுதச் சொன்னால் உங்களுக்கு 3DCCCCCC, விடைக்குறிப்பில் 3DCCCCCD. 0.1 இரண்டடிமானத்தில் முடிவதே இல்லை, 1.10011001100... × 2^-4 என்று 1100 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். 23 பிட்டோடு நறுக்கினால் C. ஆனால் வழக்கமான விதி நறுக்குவது அல்ல, அருகில் உள்ள எண்ணுக்கு நகர்த்துவது. இருபத்து மூன்றுக்கு அடுத்து வரும் பிட்டுகள் 1100 என்று தொடங்குகின்றன. அது பாதிக்கும் மேல். ஆகவே கடைசி இடத்தில் 1 கூடி D. கேள்வியில் நறுக்கும்படி சொல்லியிருந்தால் மட்டும் C சரி. இதற்காக எப்போதும் 26 பிட் வரை போட்டுவிட்டு நிறுத்துங்கள். 23-லேயே நிறுத்தினால் எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாது.

அறிகுறி: 80000000-க்கு விடை -2^-127 என்று எழுதினேன், தவறு என்கிறார்கள்

குறி 1, அடுக்கு எட்டும் சுழியம், பின்னம் சுழியம். சூத்திரத்தில் போட்டால் -1.0 × 2^-127 வரும். ஆனால் அடுக்கு முழுவதும் 0 அல்லது முழுவதும் 1 என்றால் அந்தச் சூத்திரம் செல்லாது. அடுக்கு 0 ஆனால் மறைந்த 1 கிடையாது, எண் 0.பின்னம் × 2^-126. பின்னமும் 0 என்பதால் இது -0. அடுக்கு 255 ஆக, பின்னம் 0 என்றால் முடிவிலி. பின்னத்தில் ஏதாவது 1 இருந்தால் எண்ணே அல்ல. ஹெக்ஸைப் பிரித்ததும் முதலில் அடுக்கைப் பாருங்கள், பிறகுதான் கணக்கு.

இதே 80000000 முழு எண்ணாகக் கேட்கப்பட்டால் -2147483648. 8 பிட்டில் நாம் பார்த்த -128-ன் அண்ணன். கேள்வியில் "இன்ட்" என்று இருக்கிறதா "ஃப்ளோட்" என்று இருக்கிறதா என்பதை ஒரு தடவை திரும்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது கையால் போட்ட விடையை இயந்திரத்திடமே கேட்டுவிடலாம்.

```c
#include <stdio.h>
#include <string.h>

int main(void) {
    float f = -20.625f;
    unsigned int u;
    memcpy(&u, &f, sizeof u);
    printf("%08X\n", u);
    return 0;
}
```

C1A50000 என்று காட்டும். `u = f` என்று எழுதினால் பிட்டுகள் வராது. அது எண்ணின் மதிப்பையே மாற்ற முயலும், குறை எண்ணுக்கு அதன் விளைவை சி மொழி வரையறுக்கவும் இல்லை. பிட்டுகளை அப்படியே தூக்கி வைக்கத்தான் `memcpy`. எண்ணை மாற்றி மாற்றி, முதலில் கையில், பிறகு திரையில் என்று பத்து எண்கள் போடுங்கள். ஒத்துவராத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேலே உள்ள அறிகுறிகளில் எது என்று எழுதி வையுங்கள்.